மாதத் தவணைத் தேதிகள்: மாதக் கடைசியிலும் லீப் வருடத்திலும் தவறாமல் கணக்கிடுவது எப்படி? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

### ஜனவரி 31-ல் கொடுத்த கடன். பிப்ரவரிக்கு 29 சரியாக வருகிறது. மார்ச்சிலிருந்து எல்லாமே 29-லேயே நிற்கிறது. ஏன்?

ஒவ்வொரு தேதியையும் அதற்கு முந்தைய தேதியிலிருந்து கணக்கிடுவதால்தான். 2024 ஜனவரி 31-ஓடு ஒரு மாதம் கூட்டும்போது பிப்ரவரியில் 31 இல்லை என்பதால் புரோகிராமின் கோடு அதை 29-க்கு இறக்குகிறது. அதுவரை பிழை இல்லை. அடுத்து மார்ச் தேதியைக் கணக்கிடும்போது கோடின் கையில் இருப்பது பிப்ரவரி 29 மட்டும்தான். இது முதலில் 31 ஆக இருந்தது என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. அதனால் மார்ச் 29, ஏப்ரல் 29, மே 29 என்று போய்க்கொண்டே இருக்கிறது. அடுத்த வருடம் 2025 பிப்ரவரியில் 29-ம் இல்லாமல் 28-க்கு இறங்கும். அதன் பிறகு கடன் முடியும்வரை 28-தான்.

மாதம் கூட்டும் ஃபங்ஷன் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. நாம் அதைத் தொடர்ச்சியாகக் கூப்பிடுவதில்தான் கோளாறு. ஜனவரி 31-ஓடு இரண்டு மாதத்தை ஒரே தடவையில் கூட்டினால் மார்ச் 31 கிடைக்கும். ஒரு மாதம் கூட்டி, வந்த விடையோடு இன்னொரு மாதம் கூட்டினால் மார்ச் 29. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து எழுதிய லூப்பில்தான் இந்தப் பிழை பிறக்கிறது.

எனவே n-ஆவது தவணையை எப்போதும் தொடக்கத்திலிருந்தே கணக்கிடுங்கள். முந்தைய தவணையைத் தொடவே தொடாதீர்கள். இந்தப் பக்கத்தில் இனி வருவதில் பெரும்பகுதி இந்த விதியின் விளைவுகள்தான்.

### சரியான கோடு எப்படி இருக்கும்?

தேதியை உடைத்து இரண்டு தனித்தனி விஷயங்களாகப் பாருங்கள். ஒன்று, எந்த மாதம். மற்றொன்று, அந்த மாதத்தில் எந்த நாள். மாதத்தை வெறும் எண்ணாக எண்ணலாம்: வருடத்தை 12-ஆல் பெருக்கி மாதத்தைக் கூட்டினால் ஒரே நேர்க்கோட்டில் ஓடும் எண் கிடைக்கும், டிசம்பரிலிருந்து ஜனவரிக்குத் தாண்டுவது தானாகவே சரியாகிவிடும். நாளை மட்டும் அந்தந்த மாதத்தின் கடைசி நாளோடு ஒப்பிட்டு, எது சிறியதோ அதை எடுக்க வேண்டும். பைத்தானில்:

```python
from calendar import monthrange
from datetime import date

def due_date(year, month, anchor_day, n):
    k = year * 12 + (month - 1) + n
    y, m = k // 12, k % 12 + 1
    return date(y, m, min(anchor_day, monthrange(y, m)[1]))
```

`anchor_day` என்பது ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் நாள். இந்தப் பக்கத்தில் அதை ‘மூல நாள்’ என்றே சொல்கிறேன். 2024 ஜனவரி, மூல நாள் 31, `n` 1 முதல் 12 வரை என்று ஓட்டிப் பாருங்கள். பிப்ரவரி 29, மார்ச் 31, ஏப்ரல் 30, மே 31, ஜூன் 30, ஜூலை 31, ஆகஸ்ட் 31, செப்டம்பர் 30, அக்டோபர் 31, நவம்பர் 30, டிசம்பர் 31, 2025 ஜனவரி 31 என்று வரும். பதின்மூன்றாவது தவணை இருந்தால் அது 2025 பிப்ரவரி 28, அதற்கடுத்தது மார்ச் 31. குட்டி மாதத்தில் இறங்கி, பெரிய மாதத்தில் மறுபடி ஏறுகிறது. இந்த ஏற்றம் நடக்கிறதா என்பதுதான் கவனிக்க வேண்டியது. இறக்கத்தைப் பல லைப்ரரிகளும் பார்த்துக்கொள்ளும்.

லீப் வருடத்துக்கென்று இதில் தனி வரி எதுவும் இல்லை. `monthrange` அந்த வருடத்துப் பிப்ரவரிக்கு எத்தனை நாள் என்று சொல்லிவிடுகிறது.

### டேட்டாபேஸில் தொடக்கத் தேதி இருக்கிறதே. மூல நாளைத் தனியாக வேறு சேமிக்க வேண்டுமா?

வேண்டும். தொடக்கத் தேதியிலிருந்து மூல நாளை எல்லா நேரமும் மீட்டெடுக்க முடியாது.

ஒரு வாடிக்கையாளர் பிப்ரவரி 10-ல் கடன் வாங்குகிறார். சம்பளம் மாதக் கடைசியில் வருவதால் தவணை 31-ஆம் தேதி வேண்டும் என்கிறார். முதல் தவணை பிப்ரவரியிலேயே. டேபிளின் எந்தத் தேதி நெடுவரிசையில் ‘பிப்ரவரி 31’ என்று போடுவீர்கள்? லீப் வருடம் இல்லையென்றால் 28 என்றுதான் போட முடியும். ஆறு மாதம் கழித்து அந்த 28-ஐப் பார்ப்பவருக்கு, இவர் கேட்டது 28-ஆ, 30-ஆ, 31-ஆ என்று தெரிய வழியே இல்லை.

அதே குழப்பம் ஏப்ரல் 30-லும் உண்டு. ஏப்ரல் 30-ல் தொடங்கிய கடனுக்கு மே மாதத் தவணை 30-ஆ, 31-ஆ? ‘மாதம் தோறும் 30-ஆம் தேதி’ என்று ஒப்பந்தம் சொன்னால் 30. ‘மாதக் கடைசி நாள்’ என்று சொன்னால் 31. தேதியைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, ஒப்பந்தத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இதில் டேட்டாபேஸ்களுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் இரண்டிலும் ஏப்ரல் 30-ஓடு ஒரு மாதம் கூட்டினால் மே 30. ஆரக்கிளின் `ADD_MONTHS` அப்படியில்லை. கொடுத்த தேதி அந்த மாதத்தின் கடைசி நாளாக இருந்தால், விடையையும் கடைசி நாளாகவே தரும். ஏப்ரல் 30 கொடுத்தால் மே 31, 2023 பிப்ரவரி 28 கொடுத்தால் மார்ச் 31. ஆரக்கிளிலிருந்து போஸ்ட்கிரெஸுக்கு மாறும்போது கணக்கை அப்படியே பெயர்த்து எழுதினால் சிலருக்குத் தவணைத் தேதி சத்தமில்லாமல் மாறிவிடும்.

எனவே `anchor_day` என்று 1 முதல் 31 வரையிலான முழு எண் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். 31 என்றாலே அது மாதக் கடைசிதான், அதற்குத் தனிக் கொடி தேவையில்லை. படிவத்தில் தேதியைத் தேர்வு செய்யும் கட்டத்துக்குப் பதில் ‘ஒவ்வொரு மாதமும் எந்த நாள்?’ என்று எண்ணைக் கேட்டால், வாடிக்கையாளரின் எண்ணம் அங்கேயே பதிவாகிவிடும்.

### 30 நாள் கூட்டிவிட்டால் இவ்வளவு தலைவலி இல்லையே?

2023 ஜனவரி 1-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 30 நாள் கூட்டினால் ஜனவரி 31. இன்னொரு 30 கூட்டினால் மார்ச் 2. ஜனவரியில் இரண்டு தவணை, பிப்ரவரியில் ஒன்றுமே இல்லை. மாதச் சம்பளக்காரர் முதல் மாதம் திணறுவார், அடுத்த மாதம் ‘ஏன் பணம் எடுக்கவில்லை’ என்று கேட்பார்.

12 தவணைக்கு 360 நாள்தான் ஆகிறது. வருடத்துக்கு ஐந்து நாள், லீப் வருடத்தில் ஆறு நாள், தேதி முன்னால் நகர்ந்துகொண்டே போகும். ‘30 நாளுக்கு ஒருமுறை’ என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தால் இது சரி. மொபைல் ரீசார்ஜில் ‘28 நாள்’ என்று சொல்லித்தான் விற்கிறார்கள். ‘மாதம்’ என்று எழுதிவிட்டு நாளைக் கூட்டக் கூடாது.

### பிப்ரவரியில் 31 இல்லை என்றால் மார்ச் 1-க்குத் தள்ளலாமா, 28-க்கு இறக்க வேண்டுமா? ஏதாவது சட்டம் இருக்கிறதா?

இந்தியாவில் இதற்கு ஒரு பழைய, தெளிவான விதி உண்டு. 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டம், பிரிவு 23. பிராமிசரி நோட்டோ பில் ஆஃப் எக்ஸ்சேஞ்சோ ‘இத்தனை மாதம் கழித்து’ செலுத்த வேண்டியதாக இருந்து, அந்த மாதத்தில் இணையான நாள் இல்லை என்றால், காலம் அந்த மாதத்தின் கடைசி நாளில் முடிந்ததாகக் கொள்ள வேண்டும் என்கிறது அது. சட்டத்திலேயே உதாரணமும் இருக்கிறது: 1878 ஜனவரி 29 தேதியிட்ட, ஒரு மாதத் தவணை கொண்ட ஆவணத்துக்கு மாதக் கணக்கு பிப்ரவரி 28-ல் முடிகிறது, அதன் மேல் மூன்று நாள் சலுகைக் காலம் சேர்கிறது. 31 ஆகஸ்டில் எழுதிய மூன்று மாத ஆவணத்துக்கு நவம்பர் 30.

உங்கள் கடன் ஒப்பந்தம் பிராமிசரி நோட்டாக இல்லாமல் இருக்கலாம், அப்போது ஒப்பந்த வாசகம்தான் ஆளும். ஆனாலும் கீழே இறக்குவதுதான் நடைமுறையில் பெரும்பாலோர் எதிர்பார்ப்பது. மார்ச் 1-க்குத் தள்ளினால் பிப்ரவரிக்குத் தவணையே இல்லாமல் போகும், மார்ச்சில் 1-ம் 31-ம் என்று இரண்டு விழும். மாதாந்திரக் கணக்கு அறிக்கை எடுப்பவர்கள் எல்லோருக்கும் அது தொல்லை.

ஜாவாஸ்கிரிப்ட்டும் பிஎச்பியும் இதைவிட மோசமாகத் தள்ளும் என்பதைக் கவனியுங்கள். 2024 ஜனவரி 31-க்கு `setMonth` வழியாக ஒரு மாதம் கூட்டினால் ‘பிப்ரவரி 31’ என்று எடுத்துக்கொண்டு, மிஞ்சிய இரண்டு நாளை மார்ச்சில் போட்டு மார்ச் 2 தருகிறது. பிஎச்பியின் `strtotime('2024-01-31 +1 month')` தருவதும் அதே மார்ச் 2. லீப் அல்லாத வருடத்தில் மார்ச் 3. பிழைச் செய்தி எதுவும் வராது. இந்த மொழிகளில் மேலே உள்ள கணக்கைக் கையால் எழுதிக்கொள்வதே பாதுகாப்பு. ஜாவாஸ்கிரிப்ட்டில் மாதத்தின் கடைசி நாளுக்கு `new Date(y, m, 0).getDate()` போதும், இங்கே `m` 1 முதல் 12 வரை.

### போஸ்ட்கிரெஸில் `generate_series` இருக்கிறதே, அதில் '1 month' கொடுத்தால் போதாதா?

போதாது. அதுவும் உள்ளுக்குள் முந்தைய மதிப்போடு கூட்டிக் கூட்டித்தான் போகிறது. 2024 ஜனவரி 31-ல் தொடங்கினால் பிப்ரவரி 29, மார்ச் 29, ஏப்ரல் 29 என்று முதல் கேள்வியில் பார்த்த அதே சறுக்கல். ஒரே வரியில் அழகாக முடிந்துவிடுவதால் பலர் இதை நம்பிவிடுகிறார்கள்.

அதைத் தேதிக்குப் பயன்படுத்தாமல் எண் வரிசைக்கு மட்டும் பயன்படுத்துங்கள். மாதத்தின் முதல் தேதியோடு எத்தனை மாதம் கூட்டினாலும் சறுக்காது, ஏனென்றால் 1-ஆம் தேதி இல்லாத மாதம் கிடையாது. அங்கிருந்து மூல நாளுக்கு நகர்ந்து, மாதக் கடைசியைத் தாண்டாமல் நிறுத்தினால் போதும்:

```sql
SELECT n, LEAST(m + (31 - 1),
                (m + INTERVAL '1 month')::date - 1) AS due_date
FROM generate_series(0, 11) AS n,
     LATERAL (SELECT (DATE '2024-02-01'
              + n * INTERVAL '1 month')::date AS m) AS t;
```

31 இருக்கும் இடத்தில் `anchor_day` வரும். பிப்ரவரிக்கு `m + 30` மார்ச் 2-க்குப் போகும், இரண்டாவது மதிப்பு பிப்ரவரி 29, `LEAST` சிறியதை எடுக்கும். முதல் தவணையே பிப்ரவரியில் வந்தாலும் மூல நாள் 31 காணாமல் போவதில்லை.

### எக்செல்லில்தான் கணக்கு வைத்திருக்கிறோம். `EDATE` போட்டு இழுத்துவிட்டால்?

எதைப் பார்த்து இழுக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. A2-ல் 31-01-2024 இருக்கிறது, A3-ல் `=EDATE(A2,1)` போட்டு கீழே இழுத்தால் ஒவ்வொரு கட்டமும் மேல் கட்டத்தைப் பார்க்கும், மார்ச்சுக்கு 29 வரும். A3-ல் இப்படிப் போடுங்கள்:

```
=EDATE($A$2, ROW()-2)
```

டாலர் குறி A2-ஐ ஆணியடித்து நிறுத்திவிடுகிறது, எந்த வரியில் இருந்தாலும் கணக்கு அங்கிருந்தே தொடங்கும். முதல் தவணை பிப்ரவரியில், மூல நாள் 31 அல்லது 30 என்றால், A2-ல் அதற்கு முந்தைய ஜனவரித் தேதியை அடிப்படையாக வைத்துக்கொள்ளலாம். அந்த வரியில் தவணை கிடையாது, அடிப்படைக்கு மட்டும் என்று பக்கத்துக் கட்டத்தில் எழுதிவையுங்கள். மேலே ஒரு வரியைச் செருகினால் `ROW()` மாறிவிடும் என்பதால், தவணை எண்ணைத் தனி நெடுவரிசையாக வைத்து அதைக் காட்டுவது இன்னும் நல்லது.

### காலண்டர் விதியில் ‘மாதம் 31’ என்று கொடுத்தேன். வருடத்துக்கு ஏழு தவணைதான் வருகிறது!

`FREQ=MONTHLY;BYMONTHDAY=31` என்ற விதி, 31 இல்லாத மாதத்தை இறக்குவதில்லை. அந்த மாதத்தையே விட்டுவிடும். காலண்டர் செயலிகள் பின்பற்றும் ஐகேலண்டர் தரம் அப்படித்தான் வரையறுத்திருக்கிறது: இல்லாத தேதி கணக்கில் சேராது. பைத்தானின் `dateutil.rrule` அதையே பின்பற்றுகிறது. 2024 ஜனவரி 31-லிருந்து 12 தவணை கேட்டால் பன்னிரண்டாவது 2025 ஆகஸ்ட் 31-ல் வந்து நிற்கும். கூட்ட நினைவூட்டலுக்கு இந்த விதி பொருந்தலாம், பணத்துக்குப் பொருந்தாது.

இதே கருவியில்தான் செய்ய வேண்டும் என்றால்:

```
FREQ=MONTHLY;BYMONTHDAY=28,29,30,31;BYSETPOS=-1
```

நான்கு நாட்களில் அந்த மாதத்தில் இருப்பவற்றை எடுத்து, அதில் கடைசியைத் தேர்ந்தெடுக்கிறது. மூல நாள் 30 என்றால் பட்டியலில் 31-ஐ விட்டுவிடுங்கள்.

### ஓரிரு நாள் முன்பின் ஆனால் என்ன குடியா முழுகிப்போகும்?

வட்டியில் பார்த்தால் தொகை சிறியது. ஒரு லட்சம் ரூபாய் நிலுவைக்கு வருடம் 12 சதவீதம், 365 நாள் கணக்கு என்றால் ஒரு நாளைக்கு ₹32.88. மார்ச் 31-க்குப் பதில் 29 என்றால் இரண்டு நாளுக்கு ₹65.75. ஒரு கடனுக்கு இது ஒன்றுமில்லை என்று தோன்றும்.

நிலுவைக் கணக்கில்தான் இது கடிக்கிறது. ஒப்பந்தத்தில் 31 என்று இருக்கிறது, வாடிக்கையாளர் 31-ல் கட்டுகிறார், உங்கள் சிஸ்டம் 29-ஐத் தவணையாக வைத்திருக்கிறது. சொன்ன நாளில் கட்டியவருக்கு ‘இரண்டு நாள் தாமதம்’ என்று பதிவாகும். தாமதக் கட்டணம் தானாக ஏறினால் அதையும் அவர் தலையில் கட்டுகிறீர்கள்.

ரிசர்வ் வங்கி 2021 நவம்பர் 12 அன்று வெளியிட்ட விளக்கச் சுற்றறிக்கையைப் பார்த்தால் நாள் எவ்வளவு முக்கியம் என்று புரியும். தவணைத் தேதி 2021 மார்ச் 31 என்று வைத்துக்கொண்டு அது உதாரணம் தருகிறது: அன்றைய நாள் முடிவுக் கணக்கு ஓடுவதற்குள் பணம் வரவில்லை என்றால் நிலுவை தொடங்கும் தேதி மார்ச் 31. தொடர்ந்து கட்டாமலே இருந்தால் ஏப்ரல் 30-ல் வாராக்கடனுக்கு முந்தைய எச்சரிக்கை நிலையான எஸ்எம்ஏ-1, மே 30-ல் எஸ்எம்ஏ-2, ஜூன் 29-ல் வாராக்கடன். எல்லாமே தவணைத் தேதியிலிருந்து 30, 60, 90 நாள். தவணை 29-க்குச் சறுக்கியிருந்தால் அந்தக் கணக்கு ஜூன் 27-லேயே வாராக்கடனாகிவிடும். இடைப்பட்ட இரண்டு நாளில் பணத்தைப் புரட்டிக் கட்ட இருந்தவருக்கு அது பெரிய அநியாயம். தவணைத் தேதிகளைத் துல்லியமாகக் கடன் ஒப்பந்தத்திலேயே குறிப்பிட வேண்டும் என்றும் அதே சுற்றறிக்கை சொல்கிறது. அதனால் முழு அட்டவணையையும் முதல் நாளிலேயே உருவாக்கி, ஒப்பந்தத்தில் அச்சிட்டு, அதே வரிசைகளை டேட்டாபேஸில் வைத்திருப்பதுதான் சரியான முறை.

### தவணை ஞாயிற்றுக்கிழமை விழுந்தால்?

2024 மார்ச் 31-ஐயே எடுத்துக்கொள்வோம். அது ஞாயிறு. அடுத்த வேலை நாளுக்குத் தள்ளலாம் என்றால் ஏப்ரல் 1 வங்கிகளின் ஆண்டுக் கணக்கு முடிப்பு, ஏப்ரல் 2-க்குப் போகும். அப்போது மார்ச் தவணை அடுத்த நிதியாண்டில் விழுகிறது. இதைத் தவிர்க்க, ‘அடுத்த வேலை நாள், ஆனால் மாதம் மாறினால் முந்தைய வேலை நாள்’ என்று ஒரு விதி வைப்பார்கள். முந்தைய நாளான மார்ச் 30 ஐந்தாவது சனி, வங்கி வேலை நாள்தான். பில் ஆஃப் எக்ஸ்சேஞ்ச், பிராமிசரி நோட்டுக்கு, முன்பு சொன்ன 1881 சட்டத்தின் பிரிவு 25 நேராக முந்தைய வேலை நாளைத்தான் சொல்கிறது.

எந்த விதியைத் தேர்ந்தெடுத்தாலும், நகர்த்திய தேதியைத் தவணைத் தேதியின் மேல் எழுதிவிடாதீர்கள். இரண்டு நெடுவரிசை வையுங்கள்: ஒப்பந்தப்படியான தேதி ஒன்று, பணம் எடுக்கும் தேதி இன்னொன்று. விடுமுறைப் பட்டியல் திருத்தப்பட்டால் இரண்டாவதை மட்டும் திரும்பக் கணக்கிடலாம். முதல் கேள்வியின் சறுக்கல் இந்த வழியாகவும் உள்ளே வரும்: ஏப்ரல் 2-ஐ அடிப்படையாக வைத்து அடுத்த மாதத்தைக் கணக்கிட்டால் மே 2-க்குப் போய்விடுவீர்கள்.

வங்கிக் கணக்கிலிருந்து தவணையைத் தானாக எடுக்கும் நாச் வழியாகப் பணம் எடுப்பவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் குறைந்துவிட்டது. 2021 ஆகஸ்ட் 1 முதல் அது வாரத்தின் எல்லா நாளும் இயங்குகிறது. காசோலை, நேரடி வசூல் வைத்திருப்பவர்கள்தான் விடுமுறை விதியை யோசித்து எழுத வேண்டும்.

### தினமும் காலையில் ஓடும் ஜாப், ‘இன்றைய நாள் = மூல நாள்’ என்று பார்த்து பில் போடுகிறது. சரிதானே?

ஏப்ரல் 30 அன்று மூல நாள் 31 உள்ளவர்கள் யாருக்கும் பில் போகாது. 2025 பிப்ரவரி 28 அன்று 29, 30, 31 மூன்று கூட்டமும் விடுபடும். ‘இன்று மாதக் கடைசியா, அப்படியானால் இன்றைவிடப் பெரிய மூல நாள் உள்ளவர்களையும் சேர்’ என்று ஒரு நிபந்தனை கூட்டினால் இந்த ஓட்டை அடைபடும்.

ஆனால் சர்வர் ஒரு நாள் படுத்துவிட்டால் அன்றைய பில்கள் மொத்தமும் போய்விடும், மறுநாள் ஜாப் அவற்றைத் தேடாது. அட்டவணை முன்கூட்டியே உருவாகியிருந்தால் ஜாப் கேட்க வேண்டியது ‘தவணைத் தேதி இன்றோ அதற்கு முன்போ இருந்து, இன்னும் பில் போகாதது எது’ என்பது மட்டும்தான். ஒரே தவணைக்கு இரண்டு பில் போகாமலிருக்க, கடன் எண்ணும் தவணை எண்ணும் சேர்ந்த யூனிக் கட்டுப்பாடு ஒன்றைப் பில் டேபிளில் போட்டுவிடுங்கள்.

ஜாப் ஓடும் நேரத்தையும் பாருங்கள். சர்வர் யுடிசி நேரத்தில் இருந்து, ஜாப் நம் ஊர் நேரப்படி காலை 5 மணிக்கு ஓடினால், சர்வருக்கு அப்போது முந்தைய நாள் இரவு 11:30. ‘இன்று’ என்பது நேற்றாகிவிடும். ஜாவாஸ்கிரிப்ட்டில் இதற்கு இன்னொரு முகம்: இந்திய நேரத்தில் இருக்கும் கணினியில் `new Date(2024, 0, 31).toISOString()` என்று எழுதினால் `2024-01-30T18:30:00.000Z` கிடைக்கும். முதல் பத்து எழுத்தை வெட்டி டேட்டாபேஸில் போட்டால் 30 என்று பதிவாகும். தவணைக்கு நேரம் தேவையில்லை, எல்லா இடத்திலும் வெறும் தேதி வகையையே பயன்படுத்துங்கள்.

### பிப்ரவரி 29-ல் சேர்ந்தவருக்கு வருடாந்திரத் தவணை எப்போது?

வருடம் என்பதை 12 மாதமாக எடுத்துக்கொண்டு அதே ஃபங்ஷனில் `n`-க்கு 12, 24, 36 கொடுங்கள். 2024 பிப்ரவரி 29-க்கு 2025, 2026, 2027 மூன்றிலும் 28, 2028-ல் மறுபடி 29. பைத்தானில் `replace(year=2025)` என்று எழுதியிருந்தால் அது `ValueError` கொடுத்து நின்றுவிடும். அப்படி நிற்பதே நல்லது, தவறான தேதி தருவதைவிட.

லீப் வருட விதியை நீங்களே எழுத வேண்டிய கட்டாயம் வந்தால்: நான்கால் வகுபட வேண்டும், நூறால் வகுபட்டால் நானூறாலும் வகுபட வேண்டும். 2000 லீப், 2100 லீப் இல்லை. 30 வருட வீட்டுக் கடன்கூட 2100-ஐ எட்டாது, ஆனாலும் டெஸ்ட்டில் ஒரு வரி சேர்ப்பதற்கு ஒன்றும் செலவில்லை.

### ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தில் இந்தச் சறுக்கல் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இருந்தால் எப்படித் திருத்துவது?

முதலில் தவணைத் தேதிகளை நாள் வாரியாக எண்ணிப் பாருங்கள், மே போன்ற 31 நாள் உள்ள ஒரு மாதத்துக்கு மட்டும். மூல நாள் 31 உள்ள கடன்கள் இருந்தும் மே 31-ல் யாருமே இல்லை, 28-லோ 29-லோ கூட்டம் முட்டுகிறது என்றால் சறுக்கியிருக்கிறது. பிறகு ஒவ்வொரு வரிசையாக, பதிவாகியிருக்கும் தேதியையும் ஃபங்ஷன் தரும் தேதியையும் ஒப்பிட்டு வித்தியாசம் உள்ளவற்றை எடுங்கள். மூல நாள் சேமிக்கப்படாத பழைய கடன்களுக்கு ஒப்பந்தப் பிரதியைப் பார்ப்பதுதான் வழி. முதல் தவணை 31 நாள் உள்ள மாதத்தில் இருந்தால் அதன் நாளை நம்பலாம். பிப்ரவரியிலோ 30 நாள் மாதத்தின் கடைசியிலோ தொடங்கியவற்றை ஒவ்வொன்றாகத்தான் சரிபார்க்க வேண்டும்.

திருத்தும்போது பணம் கட்டி முடிந்த வரிசைகளைத் தொடாதீர்கள். பில் போய்விட்ட, இன்னும் கட்டாத தவணைக்குத் தேதி பின்னால் போகிறது என்றால் வாடிக்கையாளருக்குச் செய்தி அனுப்பி மாற்றுங்கள். இனி வரப்போகும் வரிசைகளை மூல நாளிலிருந்து புதிதாக உருவாக்குங்கள். தினவட்டி என்றால் வட்டிப் பங்கையும் சேர்த்துத் திரும்பக் கணக்கிட வேண்டும். பழைய தவணைகளில் ஒப்பந்தத் தேதிக்குள் கட்டியும் தாமதம் என்று பதிவானவை எவை என்று தனியாக ஒரு பட்டியல் எடுங்கள். அவற்றில் வசூலித்த தாமதக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்து, கடன் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்பிய நிலுவை நாள் எண்ணிக்கையையும் திருத்தி அனுப்ப வேண்டியிருக்கும்.